கூடு சங்கிலி ஏன் இவ்வளவு எளிதில் நசுங்குகிறது? மாற்று ஒன்றுதான் என்றால் விலை மட்டும் ஏன் குறைவு?

வேனில் (இழையைத் தொடங்கியவர்)

ஏழு மாதங்களுக்கு முன் 18 காரட் தங்கச் சங்கிலி ஒன்று வாங்கினேன். நீளம் 50 சென்டிமீட்டர், எடை 18.5 கிராம். அதன் பக்கத்திலேயே அதே நீளத்தில், அதே வடிவில், அதே தடிமனில் இன்னொரு சங்கிலியும் இருந்தது; அதன் விலை ஏறத்தாழ இரண்டரை மடங்கு. "இது கூடு, அது கெட்டி, கழுத்தில் போட்டால் யாருக்கும் வேறுபாடு தெரியாது" என்று விற்றவர் சொன்னார். அன்றைக்கு அவர் சொன்னது உண்மைதான். இன்று நன்றாகவே தெரிகிறது. பிடரிப் பக்கம் ஐந்தாறு கண்ணிகள் தட்டையாகிவிட்டன. ஒரு கண்ணியில் குழந்தை கடித்த பல் தடம் அப்படியே பதிந்திருக்கிறது. நிமிர்த்தித் தரச் சொல்லிக் கொண்டுபோனால், பொற்கொல்லர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இரண்டு சங்கிலியிலும் 18 காரட் முத்திரை இருந்தது. உலோகம் ஒன்றே என்றால் ஒன்று மட்டும் ஏன் நசுங்க வேண்டும்? என் சங்கிலியில் கலப்படம் இருக்குமோ என்ற ஐயம் எழுகிறது. தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

கார்முகில்

ஐயமே வேண்டாம், மட்டமான தங்கம்தான். தங்கம் இயல்பிலேயே மென்மையானது. செம்பும் வெள்ளியும் சரியான அளவில் சேர்ந்தால்தான் அது கடினமாகும். கூடு நகைகளில் அந்தச் சேர்மானத்தை யாரும் ஒழுங்காகப் பார்ப்பதில்லை. விலை குறைவாக இருப்பதற்கும் அதுவே காரணம் என்பது என் கருத்து.

உலைமுகம்

கார்முகில் சொன்னதில் பாதி சரி. சேர்மானத்தைப் பொறுத்துக் கடினம் மாறும். 22 காரட்டைவிட 18 காரட் பொதுவாகக் கடினமானது. ஆனால் வேனில் கேட்டதற்கு அது விடையாகாது. சங்கிலிப் பட்டறையில் பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கூடு சங்கிலிக்கென்று தனியாக மட்டமான தங்கம் உருக்குவதில்லை. ஒரே உலையில் வார்த்த தங்கத்தில் ஒரு பகுதி கெட்டிக் கம்பியாகவும் இன்னொரு பகுதி தகடாகவும் போகும்.

கூடு எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் மீதி தானாக விளங்கும். மெல்லிய தங்கத் தகட்டை நாடாவாக வெட்டி, இரும்புக் கம்பி ஒன்றின் மேல் சுற்றி, இரண்டையும் சேர்த்துக் கம்பியச்சின் துளைகள் வழியே இழுப்பார்கள். ஒவ்வொரு துளையிலும் கம்பி மெலிந்து நீளும். தங்கம் இரும்பை இறுகப் பிடித்துக்கொள்ளும். கடைசியில் கையில் இருப்பது வெளியே தங்கமும் உள்ளே இரும்புமான ஒரே கம்பி. அதை வளைத்துக் கண்ணியாக்கிக் கோத்து, பொடி வைத்துப் பற்றவைப்பார்கள். அதன்பின் முழுச் சங்கிலியையும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போடுவார்கள். அமிலம் தங்கத்தைத் தொடாது, இரும்பை மட்டும் கரைக்கும். இரும்பு இருந்த இடம் வெற்றிடமாகிவிடும். இரும்புக்குப் பதிலாக அலுமினியத்தை வைத்துக் காஸ்டிக் சோடாவில் கரைக்கும் முறையும் உண்டு.

அமிலம் உள்ளே போகவும், கரைந்த இரும்பு வெளியே வரவும் ஒரு வழி வேண்டும் அல்லவா? நாடாவின் இரு விளிம்புகளும் சந்திக்கும் பொருத்துதான் அந்த வழி. அது வெளியே தெரியாதபடி கண்ணியின் உட்பக்கமாகத் திருப்பி வைத்து வளைப்பார்கள். உருப்பெருக்கி வைத்துக் கண்ணியின் உள்வளைவைப் பாருங்கள்; மயிரிழை போல ஒரு கோடு ஓடினால் அதுதான். இந்தக் கோட்டைப் பற்றிப் பின்னால் மீண்டும் பேச வேண்டியிருக்கும்.

அளவுகோல்

கலப்படமா இல்லையா என்பதை ஓரளவுக்குக் கணக்கிட்டே சொல்லிவிடலாம். வேனில், இடுக்கி அளவி கிடைத்தால் கம்பியின் தடிமன், ஒரு கண்ணியின் வெளி நீளம், வெளி அகலம் ஆகிய மூன்றையும் நசுங்காத இடத்தில் அளந்து சொல்ல முடியுமா?

வேனில்

அளந்தேன். கம்பி 1.5 மில்லிமீட்டர். கண்ணியின் வெளி நீளம் 7, வெளி அகலம் 5 மில்லிமீட்டர். இரு பக்கமும் நேராகவும் இரு முனையும் வளைவாகவும் உள்ள நீள்கண்ணி. எல்லாக் கண்ணியும் ஒரே அளவு.

பொன்வண்டு

என் சங்கிலியும் இப்படித்தான். நான்கே மாதத்தில் கொக்கிப் பக்கம் மஞ்சள் போய் வெள்ளையாகத் தெரிகிறது. இதுவும் கூடு என்பதால்தானா?

உலைமுகம்

இல்லை. அது பொன்பூச்சு தேய்ந்து அடியிலுள்ள உலோகம் தெரிவது. கூடு சங்கிலி என்பது முழுக்கத் தங்கமே, நடுவில் மட்டும் ஒன்றுமில்லை. உங்கள் கேள்விக்குத் தனி இழை தொடங்குவது நல்லது.

அளவுகோல்

வேனில் தந்த அளவுகளை வைத்துப் பார்ப்போம். 7 மில்லிமீட்டர் கண்ணியில் இரு முனையிலும் கம்பியின் தடிமன் போக உள்நீளம் 4 மில்லிமீட்டர். கோத்த சங்கிலியை இழுத்துப் பிடித்தால் ஒவ்வொரு கண்ணியும் நீளத்தில் அந்த 4 மில்லிமீட்டரையே கூட்டும். ஆகவே 50 சென்டிமீட்டருக்கு 125 கண்ணிகள். ஒரு கண்ணியை வெட்டி நிமிர்த்தினால் 15 மில்லிமீட்டர் கம்பி கிடைக்கும். மொத்தம் 1,875 மில்லிமீட்டர், அதாவது இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 1.5 மில்லிமீட்டர் கெட்டிக் கம்பி அவ்வளவு நீளத்துக்கு இருந்தால் அதன் கன அளவு ஏறத்தாழ 3.3 கன சென்டிமீட்டர். 18 காரட் மஞ்சள் தங்கம் கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 15.5 கிராம். ஆக, கெட்டிச் சங்கிலி என்றால் அது 51 கிராம் இருந்தாக வேண்டும்.

உங்களுடையது 18.5 கிராம், அதாவது 100-க்கு 36 பங்கு. மீதி 64 பங்கு வெற்றிடம். வட்டத்தின் பரப்பில் 64 பங்கு வெற்றிடம் என்றால் உள்விட்டம் வெளிவிட்டத்தில் 0.8 மடங்கு, அதாவது 1.2 மில்லிமீட்டர். எனவே சுவரின் தடிமன் 0.15 மில்லிமீட்டர். இந்த எடை மாற்றை மெய்ப்பிக்காது. அதற்கு உரைகல்லோ எக்ஸ்கதிர்க் கருவியோ வேண்டும். ஆனால் 0.15 மில்லிமீட்டர் என்பது கூடு சங்கிலிக்கு இயல்பான சுவர்தான் என்பதால், எடைக் குறைவை விளக்கக் கலப்படத்தைத் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை.

நசுங்குவதற்கு வருகிறேன். பித்தளைக் குடத்தில் ஒடுக்கு விழுகிறது. அதே பித்தளையை உருட்டிக் குண்டாக்கினால் அதில் ஒடுக்கு விழுவதில்லை. இத்தனைக்கும் பித்தளை ஒன்றே. கெட்டிக் கம்பியைப் பல் கடிக்கும்போது அழுத்தப்படும் உலோகம் ஒதுங்குவதற்கு இடமில்லை. அது பக்கவாட்டில் பிதுங்கித்தான் வழிவிட வேண்டும், அதற்குப் பெரிய விசை வேண்டும். எனவே மேற்பரப்பில் ஒரு கீறலோடு தப்பிவிடுகிறது. கூட்டிலோ சுவருக்குப் பின்னால் தாங்குவதற்கு எதுவும் இல்லை. உலோகம் பிதுங்க வேண்டியதே இல்லை, சுவர் உள்நோக்கி மடிந்தால் போதும். தகடு மடிவதற்குத் தேவைப்படும் விசை, தடிமனின் இருமடிக்கு ஏற்ப மாறும். சுவர் பாதியானால் தாங்கும் விசை பாதியாவதில்லை, ஏறத்தாழ கால் பங்காகிறது. மெல்லிய கூடு திடீரென நசுங்குவதுபோல் தோன்றுவது இதனால்தான்.

இதையே மறுபக்கத்திலிருந்து பார்க்கலாம். உங்கள் சங்கிலியின் சுவர் 0.15-க்குப் பதில் 0.3 மில்லிமீட்டராக இருந்திருந்தால் எடை ஏறத்தாழ 33 கிராம் ஆகியிருக்கும். தங்கம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை. ஆனால் நசுங்காமல் தாங்கும் விசை ஏறத்தாழ நான்கு மடங்காகியிருக்கும். கூடா கெட்டியா என்று கேட்பதைவிடச் சுவர் எவ்வளவு என்று கேட்பதே பொருளுள்ள கேள்வி. விற்பவர்கள் அதைச் சொல்வதில்லை என்பதால்தான் எடையிலிருந்து நாமே கணக்கிட வேண்டியிருக்கிறது.

மூங்கில்காடு

இதை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. உள்ளீடற்ற குழாய் கெட்டிக் கம்பியைவிட வலுவானது என்றுதான் நாங்கள் படித்தோம். மிதிவண்டிச் சட்டம் குழாயால் ஆனது. மூங்கில் உள்ளே வெறுமையாக இருந்தும் புயலுக்கு நிற்கிறது. அப்படியிருக்கக் கூடு சங்கிலி மட்டும் எப்படி வலுவற்றதாகும்?

அளவுகோல்

நீங்கள் படித்தது தவறில்லை, ஆனால் அது வேறொரு கேள்விக்கான விடை. எடை சமமாக இருந்தால் குழாய் வளைவதை நன்றாகத் தடுக்கும். வேனிலின் 18.5 கிராமையும் அதே நீளத்துக்குக் கெட்டிக் கம்பியாக இழுத்தால் 0.9 மில்லிமீட்டர் தடிமன்தான் வரும். அந்தக் கம்பியைவிட 1.5 மில்லிமீட்டர் குழல் வளைவதற்கு நான்கரை மடங்கு விறைப்பானது. ஆனால் சங்கிலியில் கம்பி நீளவாக்கில் வளைவது அரிது. ஒரு புள்ளியில் அழுத்தம் விழுவதுதான் நடக்கிறது. தூங்கும்போது கண்ணியின் மேல் கண்ணி ஏறி அமர்கிறது, கதவில் மாட்டுகிறது, குழந்தை கடிக்கிறது. அங்கே பேசுவது சுவரின் தடிமன் மட்டுமே.

மூங்கிலை நீங்களே எடுத்துக்காட்டியது நல்லதாயிற்று. மூங்கிலில் கணு இருக்கிறது. ஒவ்வொரு கணுவிலும் குறுக்கே ஒரு தடுப்பு இருப்பதால் குழல் வட்டத்தை இழந்து தட்டையாவதில்லை. சங்கிலியின் குழலுக்குக் கணு கிடையாது.

உலைமுகம்

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கம்பியச்சில் இழுத்த தங்கம் இழுபட்டு இறுகியிருக்கும். பற்றவைக்க அதை அனலில் வைத்ததும் அந்த இறுக்கம் போய் இளகிவிடும். இது கெட்டிக்கும் கூட்டுக்கும் பொதுதான். ஆனால் கெட்டிக்கு அது ஒரு பொருட்டே இல்லை, 0.15 மில்லிமீட்டர் சுவருக்கு அது பெரிய இழப்பு. 22 காரட்டில் இதே சுவரோடு கூடு செய்தால் இன்னும் எளிதில் நசுங்கும். கார்முகில் சொன்ன மென்மைக்கு உரிய இடம் இதுதான்.

தாழை

என் சங்கிலியின் கதையைச் சொன்னால் யாராவது விளக்குவீர்கள் என்று நம்புகிறேன். தங்கமா என்று பார்க்க அடர்த்திச் சோதனை செய்தேன். 18 காரட் முத்திரை, எடை 12 கிராம். தராசில் நீர்க் குவளையை வைத்துச் சுழியாக்கி, நூலில் கட்டிய சங்கிலியை அடியில் படாமல் நீருக்குள் தொங்கவிட்டேன். தராசு 2.1 கிராம் காட்டியது. 12-ஐ 2.1-ஆல் வகுத்தால் 5.7. 15.5 எங்கே, 5.7 எங்கே! இரும்பின் அடர்த்தியே 7.9 என்று படித்திருந்ததால், இது தங்கமே இல்லை என்று முடிவு செய்து இரண்டு நாள் தூங்கவில்லை. ஐயம் தீராமல் மறுபடி நீரில் தொங்கவிட்டு அரை மணி நேரம் அப்படியே வைத்தேன். சிறு குமிழிகள் வந்துகொண்டே இருந்தன. தராசின் எண் 1.4 வரை இறங்கியது. 8.6 ஆகிவிட்டது. ஒரே சங்கிலிக்கு இரண்டு அடர்த்தி எப்படி இருக்க முடியும்?

அளவுகோல்

அந்தக் குமிழிகள்தான் விடை. 12 கிராம் 18 காரட் தங்கத்தின் கன அளவு 0.77 கன சென்டிமீட்டர் மட்டுமே. முதலில் நீங்கள் அளந்தது தங்கத்தையும் அதற்குள் அடைபட்ட காற்றையும் சேர்த்து. பின்னர் பொருத்து வழியே நீர் நுழைந்து காற்று வெளியேறியதால் எண் இறங்கியது. கடைசிக் காற்றும் வெளியேறினால்தான் அது 0.77-ஐ நெருங்கும், வீட்டில் அது நடப்பது கடினம். கெட்டி நகைக்கு மட்டுமே இந்தச் சோதனை பொருந்தும். கூட்டில் குறைந்த அடர்த்தி வந்தால் அது போலி என்று பொருளில்லை. எண் நகர்ந்துகொண்டே இருந்தால் கூடு என்பது மட்டும் உறுதி.

உலைமுகம்

தாழை, இப்போது சங்கிலியைத் துடைத்துவிட்டு எடை போட்டுப் பாருங்கள். 12-க்கு மேல் காட்டினால் உள்ளே நீர் நிற்கிறது என்று பொருள். வெதுவெதுப்பான இடத்தில் சில நாட்கள் தொங்கவிடுங்கள். வியர்வையும் சோப்பு நீரும் இதே வழியாகத்தான் உள்ளே போகின்றன.

உள்ளே இரும்பு முழுவதும் கரையாமல் விட்டுப்போன சங்கிலிகளும் என் கைக்கு வந்ததுண்டு. பொருத்தின் ஓரம் துருக்கறை கசியும், காந்தம் மெல்ல இழுக்கும். ஆனால் கொக்கியைக் காந்தத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் பதறாதீர்கள், நல்ல சங்கிலியிலும் கொக்கிக்குள் இருக்கும் சுருள்வில் எஃகுதான்.

தாழை

12.3 காட்டுகிறது. இன்றிரவு தூங்குவேன். நன்றி ஐயா.

கார்முகில்

கலப்படம் என்று நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் விலையில் ஏமாற்று இருக்கிறது என்று இன்னமும் நினைக்கிறேன். கூடு சங்கிலி மலிவு என்கிறார்கள். கிராம் கணக்கில் வகுத்துப் பார்த்தால் கெட்டியைவிட அதிகமாக வருகிறதே?

செம்பருத்தி

அது ஏமாற்று அன்று, செய்கூலி. சங்கிலி மலிவாக இருப்பது தங்கம் குறைவாக இருப்பதால் மட்டுமே. வேலை குறைவாக இருப்பதால் அல்ல. தகடு, இரும்பு, அமிலம் என்று கெட்டியில் இல்லாத படிகள் பல இருக்கின்றன. அந்தச் செலவு முழுவதும் குறைந்த கிராம்களின் மேல் ஏறுகிறது.

கணக்குக்காக ஒரு கிராம் தங்கத்தை 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். செய்கூலி கெட்டிக்கு 100-க்கு 8, கூட்டுக்கு 100-க்கு 20 என்று வைப்போம். இவை நான் எடுத்துக்கொண்ட எண்கள், இடத்துக்கு இடம் மாறும். 51 கிராம் கெட்டிச் சங்கிலி 55.1 ஆகும், 18.5 கிராம் கூடு 22.2 ஆகும். வேனில் சொன்ன இரண்டரை மடங்கு இதோ வந்துவிட்டது. இரண்டையும் உருக்கும் விலைக்கு விற்றால் தங்கம் மட்டுமே திரும்பும். கெட்டியில் போட்ட பணத்தில் 100-க்கு 7 போகும், கூட்டில் 100-க்கு 17 போகும். சேமிப்பாக நினைத்துக் கூடு வாங்குவது எனக்கு அறவே உடன்பாடில்லை.

மூங்கில்காடு

உங்கள் எண்களையே வேறு விதமாகப் படிக்கிறேன். கெட்டியில் இழப்பு 4.1, கூட்டில் 3.7. பங்காகப் பார்த்தால் கூடு மோசம். கையிலிருந்து போகும் தொகையாகப் பார்த்தால் கூட்டில்தான் குறைவு. மேலும் மீதி 33 கையிலேயே இருக்கிறது. அணிந்து மகிழ மட்டும் வாங்குபவருக்கு இது மோசமான பேரமா?

செம்பருத்தி

பத்து ஆண்டுகள் உழைத்தால் மோசமில்லை. இடையில் ஒரு முறை மாற்ற நேர்ந்தால் உங்கள் கணக்கு கவிழ்ந்துவிடும். விற்கும்போது இன்னொன்றும் உண்டு: பற்றவைக்கும் பொடியின் மாற்று சங்கிலியின் மாற்றைவிடக் குறைவாக இருந்தால், உருக்கியபின் மொத்த மாற்று சற்று இறங்கும். கூட்டில் தங்கம் குறைவு, கண்ணிகளின் எண்ணிக்கையோ அதேதான். எனவே பொடியின் பங்கு அங்கே கூடுதல்.

வேனில்

விலை விளங்கியது. பொற்கொல்லர் ஏன் மறுத்தார் என்பதுதான் மீதம். குடத்தில் ஒடுக்கு எடுக்கிறார்களே, இதில் எடுக்க முடியாதா?

உலைமுகம்

குடத்துக்கு வாய் இருக்கிறது; உள்ளே தாங்கு கொடுத்து வெளியே தட்டலாம். உங்கள் கண்ணிக்கு உட்பக்கம் எட்டாது. வெளியிலிருந்து பக்கவாட்டில் அழுத்தி வட்டமாக்கப் பார்த்தால் மடிப்பு விழுந்த கோட்டில் சுவர் விரிசல் விடும். நெருப்பு வைத்தால் 0.15 மில்லிமீட்டர் சுவர், பொடி உருகும் அதே நேரத்தில் தானும் உருகத் தயாராக நிற்கும். உள்ளே ஈரமிருந்தால் ஆவி சீறி வெளியே வரும். உருகிய பொடி பொருத்து வழியே உள்ளே ஓடிவிடும், ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டாது. கீறலை மெருகேற்றி மறைக்கலாமே என்பார்கள். ஒவ்வொரு மெருகும் சுவரைத்தான் தின்கிறது. நசுங்கிய கண்ணியை வெட்டியெடுத்துவிட்டு வேறு கண்ணி கோப்பதே வழி. அந்தக் கண்ணியும் பட்டறையில் இருந்தால்தான்.

வெள்ளோட்டம்

லேசர்ப் பற்றுவைப்பு வந்தபின் நிலைமை மாறிவிட்டது என்று நினைக்கிறேன். ஊதுகுழல் முழுக் கண்ணியையும் சூடாக்கும். லேசர் மயிரிழை அளவுள்ள புள்ளியை மட்டும் உருக்கும். கூடு சங்கிலிகளில் விரிசல் விட்ட பொருத்துகளை நான் அடைத்துக் கொடுத்திருக்கிறேன்.

உலைமுகம்

நல்ல கைக்கு அது இயலும். ஆனால் ஆற்றல் சற்றுக் கூடினாலும் சுவரில் துளை விழும். அதை அடைக்கத் தங்கம் சேர்த்தால் அந்த இடம் மட்டும் தடித்து, அடுத்த மடிப்பு அதன் ஓரத்தில் விழும். விரிசலை அடைக்கலாம், நசுங்கலை லேசர் நிமிர்த்தாது.

வெள்ளோட்டம்

நசுங்கலைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்கிறேன். துளை விழும் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன், அது பழக்கத்தைப் பொறுத்தது.

உலைமுகம்

முன்பு சொன்ன கோட்டுக்கு வருகிறேன். வேனில், சங்கிலியில் பதக்கம் மாட்டுகிறீர்களா? கண்ணியும் கண்ணியும் உரசும் இடம் எது என்று யோசியுங்கள்: முனையின் உள்வளைவு. பொருத்து ஓடுவதும் அதே உள்வளைவில்தான். கண்ணுக்கு மறைவாக இருக்கட்டும் என்று வைத்த கோடு, தேய்மானம் விழும் இடத்திலேயே அமைந்துவிடுகிறது. கெட்டிக் கம்பியில் 0.15 மில்லிமீட்டர் தேய்ந்தால் பத்தில் ஒரு பங்கு போயிற்று, அவ்வளவுதான். கூட்டில் அது முழுச் சுவர்.

வேனில்

மாட்டுகிறேன், 6 கிராம் பதக்கம். நீங்கள் சொன்னதும் பதக்கத்தின் இரு பக்கத்துக் கண்ணிகளை உருப்பெருக்கியில் பார்த்தேன். உள்வளைவுக் கோடு மற்றவற்றில் மங்கலாக இருக்கிறது, இவற்றில் கறுத்துத் திறந்திருக்கிறது. உரசும் இடத்தில் கம்பியின் தடிமன் 1.5 அன்று, 1.46.

அளவுகோல்

0.04 தேய்ந்திருக்கிறது, 0.15 சுவரில் கால் பங்குக்கு மேல், ஏழு மாதத்தில். அதே வேகத்தில் போனால் இன்னும் ஒன்றரை ஆண்டுக்குச் சற்று மேல் தாங்கும். ஆனால் பள்ளம் ஆழமாக ஆகத் தொடுபரப்பு அகலமாகி, ஆழும் வேகம் குறையலாம் என்றும் தோன்றுகிறது.

உலைமுகம்

குறையாது. கோடு திறந்துவிட்டால் அதன் விளிம்பே அரம் போல அடுத்த கண்ணியை அராவும். பதக்கத்தை இன்றே கழற்றி வேறு கெட்டிச் சங்கிலியில் மாட்டுங்கள்.

வேனில்

கழற்றிவிட்டேன். மூன்று மாதம் கழித்து அதே இரண்டு கண்ணிகளை மீண்டும் அளந்து இங்கே எழுதுகிறேன்.